கிளாவரையிலிருந்து ஒரு கவரிங் லெட்டர்

கட்டட வேலை ஏன் தாமதமாகிறது என்று விளக்கும் கடிதம் காண்ட்ராக்டர் ஆபீஸில் எழுதப்படுவதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். நான் பார்த்தவரை, அது வேலை நடக்கிற இடத்தில், தாமதம் நேர்ந்த அன்றைக்கே, மேஸ்திரியின் நோட்டில் எழுதப்பட்டுவிடுகிறது. அன்று எழுதாமல் விட்டதை ஆபீஸில் யாரும் பிறகு உண்டாக்க முடியாது. அந்தத் தமிழ்க் குறிப்பை வரிசைப்படுத்தி, ஆங்கிலத்தில் ஒரு பக்கத்துக்குள் சொல்லி, கீழே கையெழுத்துக்கு இடம் விடுவதுதான் எங்கள் வேலை. வத்தலக்குண்டில் ஒரு காண்ட்ராக்டர் ஆபீஸில் எடுபிடியாகச் சேர்ந்த காலத்திலிருந்து இதைப் பார்த்துவருகிறேன். இதன் அருமையை எனக்குக் கற்றுத்தந்த ஊர் கிளாவரை.

கொடைக்கானலிலிருந்து பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி என்று மேற்கே போய்க்கொண்டே இருந்தால், நாற்பது கிலோமீட்டருக்கு மேல் தாண்டி ரோடு முடிகிற பக்கத்தில் கிளாவரை இருக்கிறது. படிப்படியாக வெட்டிய வயல்களில் பூண்டு, உருளை, கேரட், பீன்ஸ். மலையின் அந்தப் பக்கம் கேரளத்து வட்டவடை. இங்கே ஒரு கட்டடம் எழும்ப வேண்டுமென்றால் சிமென்ட்டும் கம்பியும் வத்தலக்குண்டிலிருந்து காட் ரோடு ஏறி, கொடைக்கானலைக் கடந்து, மறுபடியும் காட்டு வழியாக வந்து சேர வேண்டும். அந்த ஒற்றை வழியில் ஓரிடத்தில் மரம் விழுந்தால் போதும், கிளாவரையில் கொத்தனார் கரணையைக் கழுவி வைத்துவிட வேண்டியதுதான்.

1990களின் நடுவில் அங்கே ஒரு சிறிய மருந்தகக் கட்டடம் கட்டினோம். கட்டச் சொன்னவர்கள் சென்னையில் இருந்தார்கள், கடிதமெல்லாம் ஆங்கிலத்தில்தான் போக வேண்டும். எங்கள் ஆட்கள் போனில் பேச வேண்டுமானால் கொடைக்கானலுக்கு வர வேண்டும். அதனால் மேஸ்திரி தினமும் சாயங்காலம் ஒரு நீளக் கணக்கு நோட்டில் எழுதுவார். தேதி, வானம் எப்படி இருந்தது, கொத்தனார் எத்தனை பேர், சித்தாள் எத்தனை பேர், என்ன சரக்கு வந்தது, என்ன வேலை முடிந்தது, வெளியாள் யார் வந்து என்ன சொன்னார், அவ்வளவுதான். நோட்டில் அடியில் கார்பன் வைத்து எழுதியதால் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு நகல் இருக்கும். வாரத்துக்கு ஒருமுறை அந்த நகல்களை மடித்து பஸ் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்புவார்.

ஆபீஸில் அதைப் படிப்பவர் எங்கள் கணக்கர் ஐயா. அரசு அலுவலகத்தில் ஸ்டெனோவாக இருந்து ஓய்வு பெற்றவர். தாமதக் கடிதம் எழுத வேண்டி வந்தால் நேரே டைப்ரைட்டரிடம் போக மாட்டார். நகல்களைத் தேதி வாரியாக அடுக்கி, ஒவ்வொரு வரியிடமும் மூன்று கேள்வி கேட்பார். எப்போது தொடங்கி எப்போது முடிந்தது? யாரால் அல்லது எதனால் நேர்ந்தது? அதனால் எந்த வேலை நின்றது? இந்த மூன்றுக்கும் பதில் இருக்கிற வரி கடிதத்துக்குப் போகும். ஒன்றுக்குப் பதில் இல்லையென்றாலும் ஒரு சீட்டில் கேள்வியை எழுதி அதே கண்டக்டரிடம் கொடுத்து மேலே அனுப்பிவிடுவார். பதில் வரும்வரை அந்தக் கடிதம் காத்திருக்கும்.

மூன்றாவது கேள்விதான் கடினம். ஒருநாள் நோட்டில், ஜல்லி லாரி மன்னவனூர் அருகே சேற்றில் மாட்டி மூன்று நாள் நின்றது என்று எழுதியிருந்தது. நான் அதை மூன்று நாள் தாமதம் என்று குறித்துக் கொடுத்தேன். ஐயா அதே வாரத்து மற்ற வரிகளைக் காட்டினார். அந்த மூன்று நாளும் கொத்தனார்கள் சுவர் கட்டிக்கொண்டுதான் இருந்தார்கள், ஜல்லிக்கு அப்போது வேலையே இல்லை. "லாரி நின்னுச்சு, வேலை நிக்கலையே தம்பி" என்றார். ஒரு இடையூறு நடந்தது என்பதும், அதனால் முடிவுத் தேதி தள்ளிப்போனது என்பதும் வேறு வேறு. பெரிய திட்டங்களில் இதற்கென்றே நிபுணர்கள் இருக்கிறார்கள் என்பதும், மத்தியப் பொதுப்பணித் துறையின் வேலைகளில் இடையூறுகளைக் குறிக்கத் தனிப் பதிவேடு வைப்பது வழக்கம் என்பதும் எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. அந்தப் பதிவேட்டின் பத்திகள் ஏறக்குறைய ஐயாவின் மூன்று கேள்விகளே.

அப்போதெல்லாம் ஆங்கிலக் கடிதம் கார்பன் வைத்து டைப் ஆகும், ஒப்புகை அட்டை இணைத்த பதிவுத் தபாலில் போகும். போய்ச் சேரவே சில நாளாகும், பதில் வர இன்னும் சில நாள். கட்டச் சொன்னவர்களுக்கு மலையில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேறு வழியே கிடையாது. அவர்கள் கையில் இருப்பது கடிதத்தில் உள்ள தேதிகள்தான். அந்தத் தேதிகள் ஒன்றோடொன்று பொருந்தினால் நம்புவார்கள், இடித்தால் நம்ப மாட்டார்கள். அதனால் ஐயா எதையும் அழகாக எழுத முயன்றதில்லை, தேதிகள் பொருந்துகின்றனவா என்றுதான் மீண்டும் மீண்டும் பார்ப்பார்.

இப்போது கிளாவரை வேலையைப் பெங்களூரிலிருந்தே பார்க்கலாம். படம் வருகிறது, வீடியோ வருகிறது, மேஸ்திரி நடந்துகொண்டே குரல் பதிவு அனுப்புகிறார். ஒரு கட்டடத்துக்கு நூற்றுக்கணக்கில் படங்கள் சேர்ந்துவிடுகின்றன. ஆனால் அன்றன்று எழுதும் நோட்டு பல இடங்களில் போய்விட்டது. எல்லாம் போனில் இருக்கிறது என்கிற தைரியத்தில் யாரும் எழுதுவதில்லை. கடிதம் எழுத உட்காரும்போதுதான், எல்லாம் இருக்கிறது, ஐயாவின் மூன்று கேள்விகளுக்கு மட்டும் பதில் இல்லை என்பது தெரிகிறது.

2018இல் கிளாவரையில் நாங்கள் கட்டிய ஒரு கூடத்தின் கதையைச் சொல்கிறேன். பூண்டு உலர்த்தவும் சேர்த்து வைக்கவும் ஒரு கூடம், பெங்களூரில் இருந்த ஓர் அறக்கட்டளைக்காக. ஜூலையில் தொடங்கி டிசம்பர் 31க்குள் முடிக்க ஒப்பந்தம். தாமதத்துக்கு வாரத்துக்கு இவ்வளவு என்று பிடித்தம் உண்டு. இடையூறு எது நேர்ந்தாலும் 14 நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை. மத்தியப் பொதுப்பணித் துறையின் பொது நிபந்தனைகளிலும் இதே 14 நாள்தான், பன்னாட்டு அளவிலான பெரிய வேலைகளுக்குப் பயன்படும் ஃபிடிக் ஒப்பந்தங்களில் 28 நாள். நாள் கணக்கு எதுவானாலும் நோக்கம் ஒன்று. ஈரம் காய்வதற்குள் சொன்னால்தான் கட்டச் சொன்னவர் வந்து பார்க்க முடியும்.

அட்டவணைப்படி நவம்பர் 13 அன்று மேல்தளம் போட வேண்டும். அது கடைசியில் டிசம்பர் 1 அன்றுதான் நடந்தது. வேலை முடியும் தேதி ஜனவரி 24க்குப் போய்விட்டது, அதாவது 24 நாள் தாமதம். டிசம்பர் கடைசி வாரத்தில், திருத்திய அட்டவணையோடு ஒரு கவரிங் லெட்டர் அனுப்ப வேண்டும் என்று காண்ட்ராக்டரின் மகன் என்னிடம் வந்தார். கையில் அவரே தயாரித்த ஒரு குறிப்பு இருந்தது. அந்த 24 நாளுக்கும் காரணம் கஜா புயல் என்று ஒரே வரி.

"எல்லாத்தையும் கஜாமேல போட்டுருவோம்ணே. ஊர் உலகத்துக்கே தெரிஞ்ச புயல், யாரு கேக்கப் போறா?" என்றார்.

ஊர் உலகத்துக்குத் தெரிந்த புயல் என்பதுதான் சிக்கல். கஜா 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்து, திண்டுக்கல் மாவட்டம் வழியாகக் கேரளத்துக்குப் போனது. கொடைக்கானல் மலையில் ஏராளமான மரங்கள் சாய்ந்தன, பாதைகள் அடைபட்டன, மின்சாரம் போனது. இந்தத் தேதி பெங்களூரில் உட்கார்ந்திருப்பவருக்கும் தெரியும். மேல்தளம் போட வேண்டியதோ நவம்பர் 13. புயல் வருவதற்கு முன்பே அந்தத் தேதி கடந்துபோய்விட்டதே, ஏன் என்று முதல் கேள்வியே வரும். அதற்குப் பதில் சொல்ல முடியாவிட்டால் உண்மையான புயல் நாட்களையும் சேர்த்துச் சந்தேகப்படுவார்கள்.

அதனால் ஐயா செய்ததைப் போலவே செய்தோம். போனில் இருந்த குரல் பதிவு, செய்தி, படம் எல்லாவற்றையும் தேதி வாரியாக ஒரு தாளில் தமிழில் எழுதினோம். மேஸ்திரியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டோம்.

அக்டோபர் 8ஆம் தேதிக் குரல் பதிவில், லிண்டலை நிறுத்தச் சொல்லிட்டாங்க என்று மட்டும் இருந்தது. தமிழில் இப்படிச் சொல்வது இயல்பு, பேசும் இருவருக்கும் ஆள் யாரென்று தெரியும். கடிதத்தில் அந்த ஆளைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அந்த நாட்களின் பொறுப்பு யாருடையது என்பது அதில்தான் இருக்கிறது.

"யாருண்ணே நிறுத்தச் சொன்னது?"

"நம்ம எஞ்சினியர் தம்பிதான் சொன்னாரு."

"அவருக்கு யாரு சொன்னா?"

"அந்தப் பெங்களூரு அம்மா போன் பண்ணாங்களாம். காத்து வர்ற சன்னலைப் பெருசு பண்ணணும், புதுப் படம் வர்ற வரைக்கும் லிண்டல் போடாதீங்கன்னு."

எஞ்சினியரின் போனில் தேடினோம். அறக்கட்டளையின் ஆர்க்கிடெக்டான அந்த அம்மா அன்றே அனுப்பிய செய்தி இருந்தது. புதிய வரைபடம் அக்டோபர் 19 மாலை மின்னஞ்சலில் வந்திருந்தது, கிடைத்தது என்று அன்றே எஞ்சினியர் பதிலும் எழுதியிருந்தார், லிண்டல் வேலை அதுவரை நின்றது என்ற ஒரு வரியோடு. நிறுத்தச் சொன்னது 8ஆம் தேதி, படம் வந்தது 19ஆம் தேதி. காண்ட்ராக்டரின் மகன் உடனே பதினோரு நாள் என்றார். மேஸ்திரியிடம் மூன்றாவது கேள்வியைக் கேட்டேன். சுவர் லிண்டல் மட்டத்துக்கு வந்தது அக்டோபர் 13 மாலை. அதுவரை கொத்து வேலை தடையில்லாமல் நடந்திருக்கிறது. அப்படியானால் வேலை உண்மையில் நின்றது 14 முதல் 19 வரை, ஆறு நாள். மேல்தளம் நவம்பர் 13இலிருந்து 19க்குத் தள்ளிப்போனது இந்த ஆறு நாளால்தான். இது கட்டச் சொன்னவர்கள் பக்கத்து நாள்.

அடுத்தது புயல். நவம்பர் 15 மாலையே சென்ட்ரிங் அடித்து முடிந்து, கம்பி கட்டிக்கொண்டிருந்தார்கள். ஜல்லியும் மணலும் மேலே இருந்தன. சிமென்ட் மட்டும் வத்தலக்குண்டில் இருந்தது, 17ஆம் தேதி ஏற்றுவதாக ஏற்பாடு. சிமென்ட்டை ஏன் முன்பே ஏற்றி வைக்கவில்லை என்று நிச்சயம் கேட்பார்கள். ஐப்பசி, கார்த்திகை மேகம் தரைக்கே இறங்கி நிற்கிற கிளாவரையில் மூட்டையை வாரக்கணக்கில் வைத்தால் ஈரம் ஏறிக் கட்டியாகிவிடும், தளத்துக்கு இரண்டு நாள் முன்பு ஏற்றுவதுதான் அங்கே வழக்கம். கேட்பதற்கு முன்பே அதைக் கடிதத்தில் ஒரு வாக்கியமாகச் சேர்த்தோம். எங்கள் லாரி மேலே வந்து சேர்ந்தது நவம்பர் 27. மழையிலும் காற்றிலும் அசைந்த சென்ட்ரிங் பலகைகளையும் சவுக்கு முட்டுகளையும் 28ஆம் தேதி சரிசெய்தார்கள். 29ஆம் தேதி தளம் போட்டிருக்கலாம். 19இலிருந்து 29 வரை, புயலின் கணக்கு பத்து நாள்.

ஆனால் தளம் போட்டது டிசம்பர் 1. நடுவில் இரண்டு நாள் கலவை மெஷின் பழுதாகி நின்றது. அது எங்கள் மெஷின், எங்கள் பொறுப்பு.

மிச்சம் ஆறு நாள். இதற்குத்தான் நாங்கள் எழுதிய தாளில் காரணமே இல்லை, ஏனென்றால் அந்த நாட்களில் எதுவும் தவறாக நடக்கவில்லை. ஐ.எஸ். 456 என்கிற இந்தியக் காங்கிரீட் விதிநூல், நாலரை மீட்டருக்கு மேல் அகலமுள்ள தளத்துக்கு முட்டுகளைக் குறைந்தது 14 நாள் விட்டுவைக்கச் சொல்கிறது. எங்கள் அட்டவணையிலும் அதே 14 நாள்தான் போட்டிருந்தோம். ஆனால் அந்தக் கணக்கு, சுற்றுப்புற வெப்பம் 15 டிகிரிக்குக் கீழே போகாத இடத்துக்கானது. கிளாவரையில் டிசம்பர் இரவுகளில் பத்து டிகிரிக்கும் கீழே இறங்கும். குளிரில் சிமென்ட்டின் வேதிவினை மெதுவாகிறது, காங்கிரீட் மேலே காய்ந்து கெட்டியாகத் தெரிந்தாலும் உள்ளே பலம் வந்திருக்காது. அவசரப்பட்டு முட்டுகளை எடுத்தால் தளத்தின் நடுப்பகுதி தொய்யும், அடிப்பக்கம் மெல்லிய விரிசல் விடும். எங்கள் எஞ்சினியர் 20 நாள் விட்டுவைத்தார், டிசம்பர் 21 அன்றுதான் முட்டுகளைப் பிரித்தார்கள். அவர் செய்தது முழுக்கச் சரி. ஆனால் மலையில் குளிரும் என்பது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட அன்றே தெரிந்த விஷயம். தெரிந்த ஒன்றை எதிர்பாராத இடையூறு என்று எழுத முடியாது. அந்த ஆறு நாளும் எங்கள் கணக்கில்தான் சேரும்.

அக்டோபர், நவம்பர் குறிப்புகளில் பல நாள் மழை என்றும் இருந்தது. அதையும் விட்டுவிட்டோம். வடகிழக்குப் பருவமழை வரும் மாதத்தில் மழை பெய்தது என்பது காரணமாகாது, எந்த மலை அட்டவணையிலும் அதற்கு நாள் ஒதுக்கியிருக்க வேண்டும். வழக்கத்தைவிட அதிகம் பெய்தது என்று சொல்வதானால் அளவு வேண்டும். கொடைக்கானல் வானிலை நிலையத்து அளவு கிடைக்கும். ஆனால் அது சுமார் 2,340 மீட்டர் உயரத்தில், மலையின் கிழக்குப் பக்கத்து மேட்டில் எடுத்த அளவு. மேற்குச் சரிவில் இருக்கிற கிளாவரைக்கு அதே நாளில் அதே மழை பெய்திருக்க வேண்டும் என்பதில்லை. அங்கே பெய்ததற்கு அங்கே எழுதிய குறிப்புதான் முதல் சாட்சி, நிலையத்து அளவு துணைக்கு நிற்கும்.

படங்களில் ஒரு புதிய சிக்கல் வந்தது. கவுஞ்சிப் பாதையில் மரம் கிடக்கிற படமாக எங்களிடம் இருந்த கோப்பின் பெயர் `IMG-20181120-WA0004.jpg`. அந்த எண்ணைப் பார்க்கிறவர், மரம் 20ஆம் தேதி விழுந்தது என்று நினைப்பார். உண்மையில் வாட்ஸ்அப் அந்தப் பெயரில் வைக்கிற தேதி, படம் அந்த போனுக்கு வந்த தேதி. மேஸ்திரி எடுத்தது 16 காலையில், சிக்னல் திரும்பியது 20ஆம் தேதி. வாட்ஸ்அப் வழியாகப் படமாக வரும்போது, எடுத்த நேரம் பற்றிய உள்குறிப்பும் நீங்கிவிடுகிறது. அசல் மேஸ்திரியின் போனில் அழியாமல் இருந்ததால் தப்பித்தோம். அந்த அசலை ஆவணமாக அனுப்பச் சொல்லி, அதைத்தான் இணைத்தோம். எந்தத் தாமதத்துக்கும் சான்று கேட்கும்போது, முன்பு நோட்டின் பக்கத்தைக் காட்டினால் போதும். இப்போது படம் எப்போது எடுத்தது என்பதையே தனியாக நிரூபிக்க வேண்டியிருக்கிறது.

14 நாள் நிபந்தனையும் நிறைவேறியிருந்தது. வரைபடக் காத்திருப்புக்கு எஞ்சினியர் அக்டோபர் 19 அன்று எழுதிய அந்த ஒரு வரி இருந்தது. புயலுக்கோ, நவம்பர் 22 அன்று, பாதை அடைபட்டிருக்கிறது, சிமென்ட் ஏற்ற முடியவில்லை, எத்தனை நாள் என்று பிறகு தெரிவிக்கிறோம் என்று காண்ட்ராக்டர் ஆபீஸிலிருந்து இரண்டு வரி மின்னஞ்சல் போயிருந்தது. நீண்ட விளக்கத்துக்காகக் காத்திருக்காமல் அந்த இரண்டு வரியை அனுப்பியது பின்னால் எழுதிய முழுப் பக்கத்தைக் காப்பாற்றியது.

இத்தனையும் முடிந்த பிறகு ஆங்கிலம் எழுத அதிக நேரம் பிடிக்கவில்லை. கடிதத்தின் சாரத்தைத் தமிழில் தருகிறேன்.

"இந்த ஒப்பந்த வேலை டிசம்பர் 31க்குப் பதிலாக ஜனவரி 24 அன்று முடியும். மேல்தளம் முடிந்து முட்டுகள் பிரிக்கப்பட்டன, பூச்சு வேலை நடந்துவருகிறது.

24 நாள் தாமதத்தில் ஆறு நாள், சன்னல் மாற்றத்துக்கான வரைபடத்துக்காக அக்டோபர் 14 முதல் 19 வரை காத்திருந்தது. பத்து நாள், நவம்பர் 16 புயலால் பாதை அடைபட்டதும் சென்ட்ரிங்கைச் சரிசெய்ததும். இந்த 16 நாளுக்குப் பிடித்தமில்லாத கால நீட்டிப்பைக் கோருகிறோம்.

மீதி எட்டு நாள் எங்களைச் சேர்ந்தது. இரண்டு நாள் மெஷின் பழுது, ஆறு நாள் குளிரை முன்னிட்டு முட்டுகளைக் கூடுதலாக விட்டுவைத்தது. இதற்கு நீட்டிப்புக் கேட்கவில்லை.

திருத்திய அட்டவணை, தேதிவாரியான நிகழ்வுப் பட்டியல், வரைபடம் பற்றிய செய்திகளின் நகல், படங்கள் ஆகியவற்றை இணைத்துள்ளோம். ஜனவரி 7க்குள் உங்கள் முடிவை எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறோம்."

முடியும் தேதியை முதல் வாக்கியத்தில் வைத்ததற்குக் காரணம் உண்டு. படிக்கிறவர் முதலில் தேடுவது அதைத்தான். அதைக் கடைசியில் ஒளித்து வைத்தால் நடுவில் உள்ள காரணங்களையெல்லாம் எரிச்சலோடு படிப்பார். எழுத்தில் முடிவு கேட்டதற்கும் காரணம் உண்டு. 1872ஆம் வருடத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 55ஆவது பிரிவின்படி, நேரம் முக்கியம் என்று எழுதிய ஒப்பந்தத்தில் தாமதமான வேலையை ஏற்றுக்கொள்கிறவர், தாமதத்துக்கு இழப்பீடு கோரும் எண்ணம் இருந்தால் ஏற்றுக்கொள்ளும்போதே அதைத் தெரிவித்திருக்க வேண்டும். இரு தரப்பும் மனதில் ஒன்றை வைத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டால் கடைசி பில்லின்போது சண்டை வரும்.

எட்டு நாளை நாமே ஒப்புக்கொள்வதைக் காண்ட்ராக்டரின் மகனால் முதலில் ஏற்க முடியவில்லை. பிடித்தம் வருமே என்று கவலைப்பட்டார். பதில் வந்த பிறகு அந்தக் கவலை மாறியது. பெங்களூர்க்காரர்கள் ஒரே ஒரு சந்தேகம்தான் கேட்டிருந்தார்கள். வரைபடம் வந்தது 19 என்றால், 20ஆம் தேதி வேலை தொடங்கியதற்கு என்ன சான்று? அன்றைய ஆள் வருகைப் பட்டியலில் இரண்டு கம்பி கட்டுகிறவர்கள் பெயர் இருந்தது, அனுப்பினோம். 16 நாளும் கிடைத்தது, எட்டு நாளுக்குப் பிடித்தம் ஆனது. நம் பக்கத்துத் தவறை நாமே எண்ணிச் சொன்னால்தான் அடுத்தவர் பக்கத்து நாளை நாம் எண்ணியதையும் நம்புவார்கள் என்பதை அவர் அந்தப் பதிலில் கண்டார்.

இப்போது அவருடைய வேலைகளில் மேஸ்திரி சாயங்காலம் அனுப்பும் குரல் பதிவுக்கு ஒரு வரிசை இருக்கிறது. வந்த ஆட்கள், வந்த சரக்கு, முடிந்த வேலை, நின்ற வேலை, நிறுத்தியவர் யார். கேட்ட அன்றிரவே ஆபீஸில் ஒருவர் அதைத் தைத்த நோட்டில் எழுதிவிடுகிறார். அதே அறக்கட்டளை கூடத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டடம் எழுப்பக் கேட்டபோது, புதிய ஒப்பந்தத்தின் அட்டவணையில் குளிர் மாதத்து முட்டுக்கு 20 நாள் என்று அவர்களே போட்டிருந்தார்கள். சிமென்ட் வைக்க, தரையிலிருந்து உயர்த்திப் பலகை போட்ட, ஈரம் புகாத ஒரு கொட்டகையும் முதல் வேலையாகச் சேர்ந்திருந்தது. தாமதத்தை விளக்க எழுதிய அந்த ஒரு பக்கம், அடுத்த கட்டடத்தின் திட்டத்துக்குள் போய்ச் சேர்ந்துவிட்டது.